கருஞ்சீரகம் சீரகத்துக்குச் சொந்தமா?

சீரகமும் கருஞ்சீரகமும் உறவுச் செடிகளா என்று கேட்டால், "பெயரிலேயே இருக்கிறதே" என்றுதான் பலரும் சொல்வார்கள். ஒன்று வெளிறிய பழுப்பு, இன்னொன்று கறுப்பு, ஆகவே ஒரே செடியின் இரண்டு வகை என்பது அவர்கள் கணக்கு. கறுப்பு எள்ளையும் வெள்ளை எள்ளையும் வைத்துப் பார்த்தால் அப்படி நினைப்பதில் தப்பு சொல்ல முடியாது. அவை இரண்டும் ஒரே இனம்தான். ஆனால் சீரகத்துக்கும் கருஞ்சீரகத்துக்கும் அந்தக் கணக்கு ஒத்துவராது.

நாம் கருஞ்சீரகம் என்று சொல்லும் அந்தக் கரிய, முக்கோணமான, சொரசொரப்பான விதையின் தாவரவியல் பெயர் நைஜெல்லா சட்டைவா. சீரகம் குமினம் சிமினம். முன்னது ரனன்குலேசி என்ற குடும்பம், பின்னது ஏபியேசி. இரண்டும் பூக்கும் தாவரங்கள், இரண்டும் இருவித்திலைத் தாவரங்கள். உறவு என்று சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் கறுப்பாக இருக்கும் இன்னொரு 'சீரகம்' உண்டு, அது சீரகத்தின் குடும்பத்தையே சேர்ந்தது. அதையும் உலகம் 'கறுப்புச் சீரகம்' என்றுதான் கூப்பிடுகிறது. அதனால் தலைப்பில் உள்ள கேள்விக்கு 'இல்லை' என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியவில்லை.

முதலில் செடிகளையே பார்ப்போம். இரண்டையும் அடுத்தடுத்த தொட்டிகளில் விதைத்துப் பார்த்திருக்கிறேன். முளைத்துச் சில வாரங்கள் வரை, எது எது என்று எழுதி ஒட்டாவிட்டால் தடுமாற்றம்தான். இரண்டுக்கும் இலை நூல் நூலாகக் கிழிந்திருக்கும். இரண்டும் முழங்கால் உயரத்தைத் தாண்டாத மெலிந்த ஒருபருவச் செடிகள். ஈரம் தேங்கினால் இரண்டுக்கும் பிடிக்காது. முன்னோர் இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்ததற்கு இந்த இலையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. இலைக்காம்பின் அடியைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் துப்புக் கிடைக்கும். சீரகத்தில் காம்பின் அடி விரிந்து தண்டை உறைபோலச் சுற்றிக்கொள்ளும். கொத்தமல்லித் தண்டிலும் இதைப் பார்க்கலாம்.

பூ வந்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். சீரகத்தின் பூ மிகச் சிறியது, வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும், தனியாகப் பூக்காது. ஒரே புள்ளியிலிருந்து சில காம்புகள் குடைக்கம்பிகள் மாதிரி விரிந்து, ஒவ்வொரு காம்பின் நுனியிலும் மறுபடி ஒரு குட்டிக் குடை விரிந்து, அதில்தான் பூக்கள் உட்கார்ந்திருக்கும். கொத்தமல்லி, பெருஞ்சீரகம், ஓமம், சதகுப்பை, கேரட், செலரி எல்லாவற்றுக்கும் இதே குடைதான். பெருங்காயம் தரும் ஃபெருலாவும் இந்தக் குடும்பம்தான். பழைய தாவரவியலாளர்கள் இந்தக் குடும்பத்துக்கே குடையை வைத்து அம்பெல்லிஃபெரே என்று பெயரிட்டார்கள்.

கருஞ்சீரகம் கிளை நுனிக்கு ஒரு பூவாகப் பூக்கும். வெளிர்நீலமோ வெண்மையோ கலந்த ஐந்து அகலமான இதழ்கள் தெரியும். இதழ் என்று நாம் நினைப்பது உண்மையில் புல்லிவட்டம். அசல் அல்லிகள் உள்ளே சிறுத்துப்போய்த் தேன் கிண்ணங்களாக மாறியிருக்கின்றன. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு மூடி உண்டு. தேனீ அந்த மூடியை நெம்பித் திறந்துதான் தேனைக் குடிக்க வேண்டும். உருப்பெருக்கி இருந்தால் இதை ஒருமுறை பாருங்கள், சாவகாசமாகப் பார்க்க வேண்டிய காட்சி. நடுவில் ஏராளமான மகரந்தத் தாள்கள், அவற்றுக்கு நடுவே சூலகம் மேலே எழுந்து நிற்கும். சீரகத்தில் சூலகம் பூவிதழ்களுக்குக் கீழே புதைந்திருக்கும். ஒரு செடி எந்தக் குடும்பம் என்று தீர்மானிக்க இதழின் நிறத்தைவிடச் சூலகம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதுதான் பெரிதும் உதவும்.

அடுத்து, நாம் டப்பாவில் போட்டு வைத்திருக்கும் பொருள். கருஞ்சீரகம் விதை. பூ உதிர்ந்தபின் சூலகம் உப்பி, தலையில் கொம்பு கொம்பாக நீட்டிக்கொண்டு ஒரு கூடு உருவாகும். அது காய்ந்து நுனியில் வெடித்தால் உள்ளே அறை அறையாகக் கறுப்பு விதைகள் அடுக்கியிருக்கும். சீரகம் விதை இல்லை, கனி. சூலகம் முற்றும்போது நெடுக்காக இரண்டாகப் பிளக்கும், அந்தப் பாதி ஒவ்வொன்றும் நமக்கு ஒரு 'சீரகம்'. விதை அதற்குள்ளே தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சில சமயம் இரண்டு பாதியும் பிரியாமல் ஒரு சின்னக் காம்போடு சேர்ந்தே கிடைக்கும். அடுத்த முறை சீரகத்தை எடுக்கும்போது பாருங்கள், கண்டிப்பாக இரண்டொன்று அப்படி இருக்கும். கருஞ்சீரகத்தில் அப்படி ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது.

ஆக, இரண்டும் வடிவத்தில் வேறு, உறுப்பிலும் வேறு. ஒன்று விதை, இன்னொன்று விதையை உள்ளே வைத்திருக்கும் கனி. வாசனை எங்கே இருக்கிறது என்பதும் இதோடு மாறுகிறது. சீரகத்தின் மணம் அந்தக் கனித் தோலில் நெடுக ஓடும் எண்ணெய்க் குழாய்களில் அடைபட்டிருக்கிறது. அந்தக் குழாய்கள் குடைப்பூக் குடும்பத்தின் முத்திரை. கருஞ்சீரகத்தில் அப்படிக் குழாய் கிடையாது.

சரி, எவ்வளவு தூரத்துச் சொந்தம்? மரபணுக்களை ஒப்பிட்டு வரைந்த பூக்கும் தாவரங்களின் குடும்ப மரத்தில், மெய் இருவித்திலைத் தாவரங்கள் என்ற பெரிய கிளை இருக்கிறது. அந்தக் கிளை தொடங்கிய உடனேயே ஒரு பக்கமாகப் பிரிந்து போனது ரனன்குலேல்ஸ் என்ற வரிசை. கருஞ்சீரகம் அதில் இருக்கிறது. மீதி எல்லாம் மறுபக்கம். சீரகம் அந்த மறுபக்கத்தில், வெகுதூரம் கிளை பிரிந்து போய், ஏபியேல்ஸ் என்ற வரிசையில் இருக்கிறது. இந்தப் பெரிய கிளைக்கே உரிய மகரந்தத்தின் புதைபடிவங்கள் சுமார் 12.5 கோடி ஆண்டுப் பழமையானவை. பிரிவு அந்தக் காலத்தையொட்டியது என்று வைத்துக்கொள்ளலாம். டைனோசர்கள் நடமாடிய காலம்.

எண்ணைவிட எடுத்துக்காட்டுதான் இதைப் புரியவைக்கும். சீரகத்துக்கு மாமரம் கருஞ்சீரகத்தைவிட நெருங்கிய உறவு. பருத்தியும், துவரையும், தக்காளியும், சூரியகாந்தியும் அப்படியே. தாமரைகூட சீரகத்தின் பக்கம்தான் நிற்கிறது. கருஞ்சீரகத்தின் பக்கம் யார் என்று பார்த்தால் கசகசாச் செடி, சீந்தில் கொடி, மரமஞ்சள் என்று வேறொரு கூட்டம். இவை ரனன்குலேல்ஸ் வரிசை. இன்னும் நெருங்கி, அதே ரனன்குலேசி குடும்பத்துக்குள் வந்தால், கருஞ்சீரகத்தின் உடன்பங்காளிகளில் நாபி என்னும் அக்கோனைட்டும் ஒன்று. கொடிய நஞ்சு அது. அதே பேரினத்தின் அதிவிடயம் மருந்துக்கு ஆகிறது. நஞ்சு உறவினர்கள் சீரகத்துக்கும் இல்லாமலில்லை. கிரேக்கர்கள் மரண தண்டனைக்குப் பயன்படுத்திய ஹெம்லாக் குடைப்பூக் குடும்பம்தான். உறவுக்காரர் நஞ்சு என்பதால் ஒரு செடியைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

இவ்வளவு தூரம் பிரிந்தும் வாசனையில் ஒரு சின்ன ஒற்றுமை இருப்பதுதான் வேடிக்கை. சீரகத்தின் தனி மணத்துக்குக் காரணம் குமினால்டிஹைடு. கருஞ்சீரகத்தின் காரமும் கசப்பும் கலந்த மணத்தில் முக்கியப் பங்கு தைமோகுவினோனுக்கு. இரண்டும் வெவ்வேறு சேர்மங்கள். ஆனால் இரண்டு எண்ணெயிலும் பாரா-சைமின் என்ற சேர்மம் கணிசமாக இருக்கும். காமா-டெர்பினீன் என்ற மூலப்பொருளிலிருந்து பாரா-சைமின் பிறக்கும், தைமால், தைமோகுவினோன் போன்றவற்றுக்கும் அங்கிருந்தே வழி பிரியும். ஓமத்தின் மணம் தைமால் என்பதால்தான் கருஞ்சீரகத்தை நசுக்கினால் சிலருக்கு ஓமம் நினைவுக்கு வருகிறது. தொடர்பே இல்லாத இரண்டு செடிகள் ஒரே மூலப்பொருளைக் கையில் வைத்துக்கொண்டு தனித்தனியாக வழி கண்டிருக்கின்றன. பூச்சியையும் பூஞ்சையையும் விரட்ட இந்த மாதிரிச் சேர்மங்கள் நிறையச் செடிகளுக்குத் தேவைப்படுகின்றன. எனவே மணம் ஒத்திருப்பதை வைத்து உறவு சொல்லக் கூடாது.

இப்போது பெயருக்கு வருவோம். குழப்பத்தின் ஊற்று அங்கேதான்.

பழைய மொழிகள் பலவற்றில் இந்தக் குழப்பமே கிடையாது. கிரேக்கத்தில் சீரகம் கிமினோன், கருஞ்சீரகம் மெலாந்தியோன். லத்தீனில் குமினும் என்றும் கித் என்றும் இரண்டு தனிச் சொற்கள். நைஜெல்லா என்பதற்கே லத்தீனில் 'கறுப்புக்குட்டி' என்பதுபோலத்தான் பொருள், சீரகத்தின் சாயல் அதில் எங்கும் இல்லை. எபிரேயத்தில் கம்மோன் என்றால் சீரகம், கெத்ஸஹ் என்றால் கருஞ்சீரகம். விவிலியத்தில் ஏசாயா 28ஆம் அதிகாரத்தில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன, இரண்டையும் வெவ்வேறு கோலால் அடித்து மணி பிரிக்க வேண்டும் என்று அங்கே சொல்லப்படுகிறது. உழவருக்குத் தெளிவாக இரண்டு பயிர். அவர்களுக்கு மயக்கம் இருக்கவில்லை.

மயக்கம் எங்கே வருகிறது என்றால், தெரிந்த விதையின் பெயருக்கு முன்னால் நிறத்தைச் சேர்த்து, தெரியாத விதைக்குப் பெயர் சூட்டும் பழக்கத்தில். நாமும் அதைத்தான் செய்திருக்கிறோம். சீரகம், கருஞ்சீரகம், பெருஞ்சீரகம், காட்டுச்சீரகம் என்று நான்கு வைத்திருக்கிறோம். இதில் பெருஞ்சீரகம் மட்டும் சீரகத்தின் உண்மையான சொந்தம். காட்டுச்சீரகம் சூரியகாந்திக் குடும்பம். அதன் விதைகளைச் சீரகத்தோடு வைத்துப் பார்த்தால் பெயர் வந்த வழி புரியும், அவ்வளவுதான். பெயரில் உள்ள 'சீரகம்' நீளமாக, சின்னதாக, மணமாக, மருந்தாக இருக்கும் எதற்கும் ஒட்டிக்கொள்கிற சொல்.

தமிழுக்குள் மட்டும் இருந்தால் இதில் பெரிய சிக்கலும் இல்லை. தமிழில் கருஞ்சீரகம் என்றால் நைஜெல்லாதான். வங்காளத்தில் காலோ ஜீரே என்றாலும் அதேதான். ஆனால் இந்தியில் காலா ஜீரா என்றால் பொதுவாக வேறு செடி, நைஜெல்லாவுக்கு அங்கே கலோஞ்சி என்று தனிப் பெயர். கருஞ்சீரகம் என்ற சொல்லைத் துண்டு துண்டாக இந்தியில் பெயர்த்தால் காலா ஜீரா வரும், அதைக் கேட்டு வாங்கினால் கையில் கிடைப்பது நைஜெல்லா இல்லை. அந்த இரண்டாவது கறுப்புச் சீரகத்துக்குத் தாவரவியல் பெயர் எல்வெண்டியா பெர்சிகா. புனியம் பெர்சிகம் என்ற பழைய பெயரில்தான் பல நூல்களில் இருக்கும். ஈரான், மத்திய ஆசியா, இமயத்தின் மேற்குப் பகுதிகளில் மலைச்சரிவுகளில் வளரும். மண்ணுக்கடியில் உருண்டைக் கிழங்கு வைத்துப் பல ஆண்டு வாழும் செடி, விதைத்துப் பூக்கச் சில ஆண்டு ஆகும். அது குடைப்பூக் குடும்பம். சீரகத்தின் உண்மையான உறவு.

பாரசீகர்கள் இதில் கெட்டிக்காரர்கள். எல்வெண்டியாவை ஸீரே சியாஹ், அதாவது கறுப்புச் சீரகம் என்பார்கள். நைஜெல்லாவைச் சியாஹ் தானே, அதாவது வெறும் 'கறுப்பு விதை' என்பார்கள். சீரகத்தோடு சேர்க்கவே இல்லை. கெர்மான் பகுதி ஸீரேவுக்குப் பேர்போனது. கொல்லன் தெருவில் ஊசி விற்பதை நாம் சொல்வதுபோல, 'கெர்மானுக்கு ஸீரே கொண்டுபோவது' என்று அங்கே ஒரு வழக்கு உண்டு.

இரண்டோடு முடிந்தால் பரவாயில்லை. மூன்றாவதாக கேரம் கார்வி, ஆங்கிலத்தில் கேரவே என்பது. அதுவும் குடைப்பூக் குடும்பம், அதுவும் கரும்பழுப்பு, வளைந்த கனி. இந்தியில் ஷாஹி ஜீரா என்ற பெயர் எல்வெண்டியாவுக்கும் இதற்கும் மாறி மாறி ஒட்டும். ஆயுர்வேதத்தில் ஜீரகத்திரயம் என்று மூன்று ஜீரகங்களைச் சேர்த்துச் சொல்வது உண்டு. இந்திய அரசின் ஆயுர்வேத மருந்துநூலைத் திறந்தால், அங்கே 'கிருஷ்ண ஜீரகம்' என்பதற்கு நேராகக் கேரம் கார்வி என்று இருக்கிறது. நைஜெல்லா 'உபகுஞ்சிகா' என்ற பெயரில் தனியாக வருகிறது. கிருஷ்ண ஜீரகம் என்பதைத் தமிழாக்கினால் கருஞ்சீரகம்தானே வரும்? வடமொழி மூலத்தைப் பார்த்து ஒருவர் கிருஷ்ண ஜீரகத்தைக் கருஞ்சீரகம் என்று எழுதிவிட்டால், தமிழ் வாசகர் எடுக்கும் பொருள் நைஜெல்லா. மருந்துநூல் சொன்னது கேரவே. மொழிபெயர்ப்பு சரி, சரக்குதான் தவறு. இந்த வகைப் பிழை எனக்கு மிகவும் அஞ்சத்தக்கதாகப் படுகிறது, ஏனென்றால் இதைப் படித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஐரோப்பிய மொழிகளிலும் இதே கதை. ஜெர்மனில் கியூம்மல் என்றால் கேரவே. சீரகத்துக்குக் குறுக்குச் சிலுவை சேர்த்து க்ராய்ட்ஸ்கியூம்மல் என்கிறார்கள். நைஜெல்லாவுக்கு ஷ்வார்ட்ஸ்கியூம்மல், கறுப்புக் கேரவே. அதையே ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும்போது பிளாக் குமின் என்றும், பிளாக் கேரவே என்றும் இரண்டு பெயராக வருகிறது. இந்த இரண்டு பெயரும் நைஜெல்லாவுக்கும் எல்வெண்டியாவுக்கும் சேர்த்தே வழங்குகின்றன. போதாக்குறைக்கு ஆங்கிலத்தில் நைஜெல்லாவுக்கு 'வெங்காய விதை' என்றும் ஒரு பெயர். வெங்காயத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வெங்காய விதையும் கறுப்பாக, கோணலாக இருப்பதுதான் காரணம்.

இனி நடைமுறைக்கு வருவோம். 'பிளாக் குமின்' என்று மட்டும் எழுதிய ஒரு பொட்டலம் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு தேக்கரண்டி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்புங்கள். நாணயம் பார்க்கும் பத்து மடங்கு உருப்பெருக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வெளிச்சத்தில் கண்ணே போதும்.

முதலில் கோடுகள். நைஜெல்லாவில் நெடுக ஓடும் கோடே இருக்காது. மூன்று மூலையுள்ள, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள, பளபளப்பில்லாத கறுப்புத் துண்டுகள். மேற்பரப்பு பொடிப்பொடியாகச் சுருங்கியிருக்கும். மற்ற மூன்றிலும் கனியின் முதுகில் நெடுக வரிகள் ஓடும். ஒரே ஒரு வரியைப் பார்த்துவிட்டாலும் அது நைஜெல்லா இல்லை என்று முடித்துவிடலாம். நைஜெல்லாவை ஒதுக்கியபின் மீதி மூன்றுக்குள் சற்று உழைக்க வேண்டும். சீரகம் ஏறக்குறைய நேராக, மஞ்சள் கலந்த பழுப்பாக, உருப்பெருக்கியில் மெல்லிய ரோமத்தோடு தெரியும். கேரவே அரிவாள்போல வளைந்து, கரும்பழுப்பு உடலில் ஐந்து வெளிறிய வரிகள் பளிச்சென்று தெரியும், ரோமம் இருக்காது. எல்வெண்டியா இவற்றைவிட மெலிந்து, கருமை கூடி, சற்றே வளைந்திருக்கும்.

எல்வெண்டியாவையும் கேரவேயையும் கண்ணால் பிரிப்பதில்தான் தவறு நடக்கும். இரண்டும் கலந்து வந்தால் அனுபவம் உள்ளவர்களும் தடுமாறுவார்கள். இந்த இடத்தில் மூக்கு கண்ணைவிட மேல். சிறிது நசுக்கி முகருங்கள். கேரவேயில் கார்வோன் என்ற சேர்மம் மேலோங்கியிருக்கும், அது இனிப்பும் குளிர்ச்சியும் கலந்த தனி வாசனை. எல்வெண்டியாவில் குமினால்டிஹைடு இருப்பதால் சீரகத்தின் சாயல் வரும், அதோடு ஒரு மண்வாசனை சேரும். சீரகத்தை முகர்ந்து பழகியிருந்தால் இந்தச் சாயல் உடனே பிடிபடும். நைஜெல்லாவில் சீரகச் சாயல் இருக்காது. நசுக்காமல் முகர்ந்தால் அதில் வாசனையே ஏறத்தாழ இருக்காது, நசுக்கினால்தான் மெல்லிய காரமும் கசப்பும் கிளம்பும்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் பிளேடால் குறுக்காக வெட்டுங்கள். நைஜெல்லா உள்ளே வெண்மையாக, எண்ணெய்ப் பசையோடு, ஒரே திண்மமாக இருக்கும். அந்த வெட்டுமுகத்தை மெல்லிய தாளில் அழுத்தினால் எண்ணெய்க் கறை பிடிக்கும், காய்ந்தாலும் போகாது. விதையின் எடையில் முப்பது முதல் நாற்பது சதவீதம் வரை எண்ணெய்க் கொழுப்பு இருப்பதன் அடையாளம் அது. குடைப்பூக் கனியின் வெட்டுமுகத்தில் ஐந்து மூலைகள் தெரியும். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அதுதான் இரண்டு பாதிகள் ஒட்டியிருந்த இடம். மூலைகளுக்கு இடையில் கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை எண்ணெய்க் குழாய்கள். சீரகத்திலும் கேரவேயிலும் பொதுவாக ஆறு. முதுகுப் பக்கம் நான்கு, தட்டைப் பக்கம் இரண்டு. முதல்முறை அந்த ஆறு புள்ளியும் உருப்பெருக்கியில் தெரிந்தபோது நான் அடைந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

பொட்டலத்தில் வெங்காய விதை கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், அதற்கும் நசுக்குவதே வழி. நைஜெல்லாவின் காரமணம் வெங்காய விதையில் வராது. எள் கலந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். எள் தட்டையாக, நீர்த்துளி வடிவில், வழவழப்பாக இருக்கும். அலங்காரச் செடியாக வளர்க்கும் நைஜெல்லா டமாசீனாவின் விதைகள்தான் கொஞ்சம் ஏமாற்றும். அதே கறுப்பு, அதே வடிவம். ஆனால் நசுக்கினால் பழவாசனை வீசும். அதற்கு டமாசெனைன் என்ற சேர்மம் காரணம். அதை நைஜெல்லா சட்டைவாவுக்கு மாற்றாகப் பயன்படுத்தக் கூடாது.

பொடியாக அரைத்துவிட்டால் இந்தச் சோதனைகள் எல்லாம் கைவிட்டுப் போகும். நிறமும் கோடும் வெட்டுமுகமும் இல்லாமல் மூக்கு மட்டும் மிஞ்சும், அதுவும் வறுத்த பொடி என்றால் நம்ப முடியாது. அப்போது ஆய்வகம்தான். சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் வாயு குரோமட்டோகிராஃபில் ஓட்டினால் ஒவ்வொன்றும் தன் முத்திரையோடு வெளியே வரும். தைமோகுவினோன் வந்தால் நைஜெல்லா, கார்வோன் வந்தால் கேரவே, குமினால்டிஹைடு வந்தால் சீரகம் அல்லது எல்வெண்டியா. இதற்கும் வரம்பு உண்டு. தைமோகுவினோன் வெளிச்சத்தில் சிதைந்துவிடும், பழைய பொடியில் மிகக் குறைவாகவே இருக்கலாம். அது தெரியவில்லை என்பதற்காக நைஜெல்லா இல்லை என்று உடனே முடிவுகட்டக் கூடாது.

இவ்வளவு பாடு எதற்கு, எல்லாம் மசாலாதானே என்று கேட்கலாம். சுவைக்கு மட்டும் என்றால் ஓரளவு சரி, தவறான விதை போட்டால் அந்த வேளை சாப்பாடு கொஞ்சம் கோணலாகும், அதோடு போச்சு. ஒவ்வாமை உள்ளவருக்கு அப்படி இல்லை. செலரி ஒவ்வாமை உள்ள சிலருக்கு அதே குடும்பத்தின் கொத்தமல்லி, பெருஞ்சீரகம், சீரகம், கேரவே ஆகியவையும் ஒத்துக்கொள்ளாமல் போவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். அப்படிப்பட்டவருக்கு 'கறுப்புச் சீரகம்' என்று எழுதிய பொருள் நைஜெல்லாவா எல்வெண்டியாவா என்பது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. நைஜெல்லா அந்தக் குடும்பமே இல்லை. ஆனால் அதற்கும் சிலருக்குத் தனியாக ஒவ்வாமை வரும், தோலில் அதன் எண்ணெய் பட்டுப் புண்ணானவர்கள் உண்டு. எனவே குடும்பம் மாறிவிட்டது என்பதை மட்டும் நம்பிப் பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது.

ஆய்வுக் கட்டுரைகளிலும் இதே சிக்கல். 'பிளாக் குமின்' என்று தலைப்பில் கண்டதும், அது தைமோகுவினோன் பற்றியது என்று நினைத்து மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். சில கட்டுரைகளில் அது புனியம் பெர்சிகமாக இருக்கிறது. தலைப்பைத் தாண்டி, 'பொருட்களும் முறைகளும்' பகுதிக்குப் போய் இரண்டு சொல் கொண்ட தாவரவியல் பெயரைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அந்தப் பெயர் இல்லாத கட்டுரையை, எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், நான் தள்ளி வைத்துவிடுவேன்.

எண்ணெய்ப் புட்டியில் வேறொரு துப்பு இருக்கிறது. மூலிகை எண்ணெய்கள் இரண்டு விதமாக எடுக்கப்படுகின்றன: பிழிந்து எடுப்பது, நீராவியில் வடிப்பது. நைஜெல்லாவில் கொழுப்பு நிறைய இருப்பதால் செக்கில் பிழிந்தால் தடித்த, கரும்பழுப்பான எண்ணெய் கிடைக்கும். எல்வெண்டியாவிலிருந்து பொதுவாக நீராவியில் வடித்த வாசனை எண்ணெய்தான் எடுப்பார்கள். அதனால் சின்னப் புட்டியில் ஆவியாகக்கூடிய தெளிந்த வாசனை எண்ணெய் என்றால், அது எந்தச் செடியிலிருந்தும் வந்திருக்கலாம். பெரிய புட்டியில், பிழிந்தது என்று எழுதிய கொழகொழப்பான எண்ணெய் என்றால், பெரும்பாலும் நைஜெல்லாதான். ஒரு சொட்டைத் தாளில் விட்டு மறுநாள் பாருங்கள். பிழிந்த எண்ணெயின் கறை அப்படியே நிற்கும், வடித்த எண்ணெய் ஏறத்தாழ மறைந்துவிடும்.

வாங்கும்போது எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது என்பதற்கு என்னிடம் இருப்பது ஒரே வழி. தமிழில் பேசுபவரிடம் கருஞ்சீரகம் என்றால் போதும், நைஜெல்லா வரும். இந்தி பேசுபவரிடம் கலோஞ்சி. மற்றவர்களிடமும், அச்சிட்ட சீட்டிலும் நைஜெல்லா சட்டைவா என்ற இரண்டு சொல்லையும் தேடுங்கள். சீட்டில் 'கறுப்புச் சீரகம்' மட்டும் இருந்தால், பிரித்துப் பார்த்து வரி இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யுங்கள்.